வள்ளியம்மையும் வள்ளியம்மாவும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று அறிந்து மகிழ்ந்தேன். மழை ஓய்ந்தபின் என் இருமலும் தணிந்துவிட்டது. உங்கள் அப்பாச்சியின் பெயர் ஒரு காணி உறுதியில் ‘வள்ளியம்மை’ என்றும் மற்றோர் உறுதியில் ‘வள்ளியம்மா’ என்றும் இருப்பதால் சட்டத்தரணி தயங்குகிறார் என்றும், ‘அம்மை’, ‘அம்மா’ போன்ற பெயர் முடிவுகள் இப்போது ஏன் வழங்குவதில்லை என்றும் கேட்டிருந்தீர்கள்.

பெயர் ஒன்றுதான். ‘வள்ளி’யோடு ‘அம்மை’ சேர்ந்தது எழுத்து வடிவம். ஐகாரத்தில் முடியும் முறைப்பெயர் விளிக்கும்போது ஆகாரமாக முடிவதும் உண்டு என்று தொல்காப்பியமே சொல்வதால், வீட்டில் கூப்பிட்ட வடிவம் ‘வள்ளியம்மா’ ஆயிற்று. அதனுடன் பெண்பாலுக்குரிய ளகரம் சேர்ந்து நின்றால் ‘வள்ளியம்மாள்’. ஒரு நொத்தாரிசு இலக்கண வடிவத்தை எழுதியிருப்பார், மற்றவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று 1914 இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் இப்படி அழைக்க, காந்தி தமது நூலில் ‘வள்ளியம்மா’ என்றே எழுதினார். ஆனால் மூன்றாவது உறுதி ஒன்றில் ‘வள்ளிப்பிள்ளை’ என்று வந்தால் கவனமாக இருங்கள். நம் ஊர்ப் பெண்களுக்குப் ‘பிள்ளை’ என்று முடியும் பெயர் தனியாகவே உண்டு. அது அவருடைய சகோதரியாகவும் இருக்கலாம். கணவர் பெயரும் காணியின் பெயரும் நான்கு எல்லைகளும் ஒத்திருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுப்பது வழக்கம்.

இந்த முடிவுகள் மறைந்ததைப் பற்றி நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். பெண்கள் படித்தார்கள், நாகரிகம் மாறியது, அதனால் பழைய பெயர்கள் போயின என்று பலரும் சொல்வது எனக்குப் போதவில்லை. ஏனெனில் ‘அம்மா’ போன அதே காலத்தில் ஆண்களின் ‘ஐயா’வும் போயிற்று. பொன்னையா, பொன்னம்மா, செல்லையா, செல்லம்மா, முத்தையா, முத்தம்மா என்று நம் பாட்டன் பாட்டிமாரின் பெயர்களைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பொன், செல்லம், முத்து என்னும் அடிச்சொற்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. யாருடைய பெயர் என்று காட்டியதும் மரியாதையைக் கொடுத்ததும் அந்த முடிவே. அடுத்த தலைமுறையில் அதே வேலையை ராசாவும் ராணியும் செய்தன: செல்வராசா, செல்வராணி, யோகராசா, யோகராணி. அதற்குப் பின் வந்த சாந்தினி, மாலினி போன்ற பெயர்களிலோ பெண்பால் பெயருக்குள்ளேயே அடங்கியிருந்ததால், தனியே ஒரு முடிவைச் சேர்க்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. நாம் இருவரும் படிப்பித்த காலத்து இடாப்புகளை நினைத்துப் பாருங்கள்: மாணவி மாலினி, தாய் யோகராணி, பாதுகாவலராக ஒப்பமிட வந்த அம்மம்மா பொன்னம்மா.

இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் மறைத்து எழுத விரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் ‘ஐயா’வும் ‘அம்மா’வும் எல்லோருக்கும் கிடைத்த முடிவுகள் அல்ல. ஒடுக்கப்பட்ட சாதியினர் தம் பிள்ளைகளுக்கு அப்படிப் பெயர் வைப்பதை உயர்சாதியினர் பொறுக்கவில்லை. கந்தையா இருந்த ஊரில் மற்றவர் கந்தனாகவும், வள்ளியம்மை இருந்த ஊரில் மற்றவள் வள்ளியாகவும் நிற்க வேண்டியிருந்தது. பெயரைக் கேட்டதுமே சாதியை ஊகிக்க முடிந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்படாத புதுப் பெயர்கள் வந்தபோது, பறிக்கப்பட்ட அந்த முடிவைக் கேட்டுப் பெறுவதைவிட முடிவே இல்லாத பெயரை வைப்பது பலருக்கு உகந்ததாக இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். இந்த வகையில் அது மறைந்தது நல்லதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இவற்றோடு, ‘அம்மா’ என்பது தாயையும் மதிப்புக்குரிய மூத்த பெண்ணையும் குறிக்கும் பொதுச் சொல்லாகவும் இருந்தது. ஒரு பெயரில் அது வந்தால் பிறந்தபோது வைத்ததா, பின்னர் மரியாதைக்குச் சேர்த்ததா என்பது சில வேளை தெரியாது. பெண்குழந்தையைச் ‘செல்லம்மா’ என்று பதிந்தால் முதியவளின் பெயர்போல் ஒலிக்கும் என்று இளம் பெற்றோர் கூச்சப்படுவதை இங்கே கொழும்பில் நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலுக்குத் தம் வாழ்நாளை அளித்து 2008 இல் மறைந்த தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் 1925 இல் பிறந்தவர். அந்தத் தலைமுறையில் அது குழந்தைக்கு வைக்கும் சாதாரணப் பெயர்தான்.

மட்டக்களப்புப் பக்கத்தில் ‘பிள்ளை’ என்று முடியும் பெண்பெயர்கள் இன்னும் வைக்கப்படுகின்றனவா என்று உங்கள் மருமகளிடம் கேட்டு எழுதுங்கள். உறுதிகளின் பிரதியையும் அனுப்பினால், எல்லைகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்