பத்தாவது வாரம் எது? வரைபடக் கருவி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டாஷ்போர்டு, விரிதாள், வரைபட நிரல் ஆகியவற்றை உருவாக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். வாரம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதில் உங்கள் கருவிகளுக்குள் ஒற்றுமை கிடையாது என்பது உங்களுக்கே தெரியும், அதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வேறுபாட்டால் போன மாதம் ஒரு கூட்டத்தில் நான் பொய்க்கணக்கு காட்டியவனாக நின்றேன். அதனால்தான் இந்த மடல்.

எங்கள் உதவிப் பிரிவுக்கு வரும் கோரிக்கைகளை வாரவாரம் கூட்டிக் காட்டுவது என் வேலை. 2025 மார்ச் 17, திங்கள்கிழமைக் கூட்டத்தில் என் விரிதாள் வரைபடத்தைக் காட்டினேன். பத்தாவது வாரம் 250 கோரிக்கைகள், பதினோராவது வாரம் 310. பக்கத்தில் இருந்த சக ஊழியர் டாஷ்போர்டைத் திறந்தார். அதில் பத்தாவது வாரம் 310, பதினோராவது வாரம் 250. இரண்டுக்கும் மூலம் ஒரே தரவுத்தளம். மேலாளர் குரலை உயர்த்தவில்லை. "என்னங்க இது, நீங்க காட்டுறது ஏறுது, அவர் காட்டுறது இறங்குது. ஆள் கூட்டணுமா, குறைக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு நாள்வாரியாக எடுத்து வைத்துக் கையால் கூட்டினேன். மார்ச் 2, ஞாயிறு: 30. மார்ச் 3 முதல் 8 வரை, அதாவது திங்கள் முதல் சனி வரை: 220. மார்ச் 9, ஞாயிறு: 90. அன்று பயனர்கள் எல்லாருக்கும் ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் போயிருந்தது, அதனால் அந்த எண்ணிக்கை. மார்ச் 10 முதல் 15 வரை மறுபடியும் 220. மார்ச் 16, ஞாயிறு: 30. இவ்வளவுதான் கதை. ஒரே ஒரு ஞாயிறு எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் கேள்வி. ஞாயிறில் தொடங்கும் விரிதாள் அதை மார்ச் 9–15 வாரத்தில் சேர்த்தது. திங்களில் தொடங்கும் டாஷ்போர்டு மார்ச் 3–9 வாரத்தில் சேர்த்தது. ஒன்றில் ஏற்றம், மற்றதில் வீழ்ச்சி.

இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு வரைபடத்திலும் அடியில் "வாரம் 10", "வாரம் 11" என்றே எழுதியிருந்தது. விரிதாளில் நான் பயன்படுத்தியது இந்த முதல் வரி. டாஷ்போர்டு பின்பற்றியது இரண்டாவது வரியின் கணக்கை, அதாவது ஐஎஸ்ஓ 8601 முறையை.

```
=WEEKNUM(A2)
=WEEKNUM(A2,21)
```

முதலாவது ஜனவரி 1 இருக்கும் வாரத்தை ஒன்று என்கிறது, வாரம் ஞாயிறில் தொடங்கும். இரண்டாவது ஆண்டின் முதல் வியாழன் இருக்கும் வாரத்தை ஒன்று என்கிறது, வாரம் திங்களில் தொடங்கும். 2025இல் ஜனவரி 1 புதன்கிழமை என்பதால் இரண்டு கணக்கிலும் எண்கள் ஒத்துப்போய்விட்டன. ஒத்துப்போனதுதான் ஆபத்து. 2027இல் ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. அப்போது இதே இரண்டு வரிகளும் திங்கள் முதல் சனி வரை ஓர் எண் வித்தியாசம் காட்டும், யாராவது சந்தேகப்பட்டுக் கேட்பார்கள். எங்களைச் சந்தேகப்படவும் விடவில்லை அந்தப் "பத்து".

சரி, மூன்றாவதாக ஒன்றை வைத்துப் பார்த்துவிடலாம் என்று பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி `resample("W")` போட்டேன். 2025-03-09 என்ற வரிசையில் 310 வந்தது. என் விரிதாளிலும் மார்ச் 9 வாரம் 310தான். அப்பாடா என்று சக ஊழியருக்கு, "உங்கள் டாஷ்போர்டுதான் தப்பு" என்று எழுதியும் விட்டேன். மறுநாள்தான் உறைத்தது. அந்த நிரல் வாரத்தைத் திங்கள் முதல் ஞாயிறு வரை எடுத்து, அதற்கு முடிவுநாளின் தேதியைப் பெயராக வைக்கிறது. என் விரிதாளோ தொடக்கநாளை வைக்கிறது. இரண்டும் வேறு வேறு வாரங்கள், அந்த 90ஐத் தவிரப் பொதுவாக எதுவும் இல்லை. ஒரு வரிசை பொருந்தியதும் மற்றவற்றைப் பார்க்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். சக ஊழியரிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் "2025-03-09" என்பது தொடக்கமா முடிவா என்று வெளிவரும் பட்டியலில் ஒரு வார்த்தை இருந்திருந்தால் அந்த மன்னிப்புக்கு வேலையே இருந்திருக்காது.

எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: வாரக் கூட்டுத்தொகை எங்கே வந்தாலும், அதன் முதல் நாளையும் கடைசி நாளையும் கூடவே அச்சிடுங்கள். "வாரம் 10" என்பதற்குக் கீழே "மார்ச் 3 – மார்ச் 9, 2025". அவ்வளவுதான்.

திங்களா ஞாயிறா என்று உங்களோடு சண்டைக்கு வரவில்லை. சனியில் வாரம் தொடங்கும் நாடுகளும் இருக்கின்றன. அவரவர் வழக்கம் அவரவருக்கு. ஆனால் அந்தத் தேர்வை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்? பல கருவிகளில் அது "மொழி, வட்டாரம்" என்ற பக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அமெரிக்க ஆங்கிலத்தைப் பிரிட்டிஷ் ஆங்கிலமாக மாற்றினால் எழுத்துக்கூட்டல்தான் மாறும் என்று ஒருவர் நினைப்பார். கூடவே வாரத்தின் முதல் நாளும் நகர்கிறது. பொத்தானின் வளைவைக்கூடத் தேர்ந்தெடுக்க விட்டிருக்கிறீர்கள், இருட்டு நிறம், வெளிர் நிறம் எல்லாம் உண்டு. வாரத்துக்கு ஏழு நாள் என்பதையாவது இன்னும் அமைப்புகளில் சேர்க்காமல் விட்டதற்கு நன்றி.

தேதி வடிவத்தையும் சொல்லாமல் விட முடியாது. சரிபார்ப்பதற்காக டாஷ்போர்டிலிருந்து நாள்வாரி ஃபைலை இறக்கினேன். அதில் தேதிகள் 09/03/2025 என்று, நாள் முன்னாலும் மாதம் பின்னாலும் இருந்தன. என் கணினி மாதத்தை முன்னால் படிப்பது. மார்ச் 9 செப்டம்பர் 3 ஆகிவிட்டது. மார்ச் 12 டிசம்பர் 3 ஆனது, இன்னும் வராத டிசம்பரில் 39 கோரிக்கைகள். மார்ச் 3 மட்டும் தப்பியது, நாளும் மாதமும் அதில் ஒன்றுதானே. 13ஆம் தேதியிலிருந்து எல்லாம் தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்றன. கட்டத்தில் அவை இடப்பக்கம் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. இறக்கித் தரும் ஃபைலிலாவது 2025-03-09 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் இந்தக் கூத்து நடக்காது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பதில் வரும்வரை நான் செய்வது இதுதான்: இரண்டு வரைபடம் மாறுபட்டால் அந்த வாரத்தின் இரு ஓரத்து ஞாயிறுகளைக் கழித்துப் பார்க்கிறேன். 90இலிருந்து 30 போனால் 60, 310க்கும் 250க்கும் உள்ள வித்தியாசமும் 60. பொருந்தினால் குற்றம் வாரத் தொடக்கத்தில். பொருந்தாவிட்டால் வேறெங்கோ. இந்தக் கழித்தலை நான் செய்யாமல் இருக்க, வாரத்தின் முதல் நாளையும் கடைசி நாளையும் தயவுசெய்து வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
திங்கள்கிழமைக் கூட்டத்துக்கு ரிப்போர்ட் தயாரிப்பவன்