நெல்லும் பவுனும்

ஆசிரியருக்கு,

விளைச்சல் நன்றாக இருந்தால் கிராமத்தில் நகை விற்பனை கூடும் என்கிறார்கள். சரி, ஆனால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. எங்கள் டெல்டா பக்கம் சம்பா நெல் பணம் வந்ததும் முதலில் போவது நகைக்கடைக்கு அல்ல, நடவுக்கும் உரத்துக்கும் அடகு வைத்த சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் மீட்கத்தான். வட்டியும் அசலும் கட்டி, அறுவடை மெஷின் வாடகை கொடுத்து, கடைக் கடனை அடைத்த பிறகு மிச்சம் இருந்தால்தான் பெண்ணுக்கு ஒரு தோடு.

2015ல் பவுன் சுமார் 20,000 ரூபாய், நெல் குவிண்டால் 1,500ஐ ஒட்டி. 13 குவிண்டால் போட்டால் ஒரு பவுன். 2025 அக்டோபரில் பவுன் 90,000ஐத் தாண்டியபோது சன்னரகத்துக்குக் கொள்முதல் விலை 2,545. அதாவது 35 குவிண்டாலுக்கு மேல், கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர் மகசூல், அதுவும் செலவைக் கழிக்காமல்!

அறுவடை நேரத்தில் மழை பிடித்து, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி நெல் கொள்முதல் நிலையத்து வாசலிலேயே கிடந்தால், மீட்க வேண்டிய சங்கிலியோடு வளையலும் அடகுக்குப் போகும். அந்த வருஷம் கல்யாணமே தள்ளிப் போகிறது.

ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்