ஆண்டறிக்கை: லயத்துக்குக் கீழுள்ள குட்டையும் ஒரு மாணவியின் உரையும்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வழமையான கூட்டங்களும் பீலிக்கரைச் சிரமதானமும் குறைவின்றி நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். இவ்வருடத்து வேலையில் பெரும்பகுதி, பெப்ரவரி 2 உலக ஈரநில தினத்தன்று தரம் 10 மாணவி ஒருவர் நம் மண்டபத்தில் ஆற்றிய உரையிலிருந்து பிறந்தது. ஆகவே அதையே விரிவாக எழுதுகிறேன்.

1971இல் ஈரானின் ராம்சர் நகரில் ஈரநில உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. அதன் பட்டியலில் இலங்கையின் புந்தல, ஆனைவிழுந்தாவ, மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து ஆகிய ஆறு இடங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றுகூட மலைநாட்டில் இல்லை என்று சொல்லித்தான் மாணவி தொடங்கினார். நம் பக்கத்து ஈரநிலம் பெரும்பாலும் பள்ளத்தில் தேங்கும் சிறு குட்டைதான். அதற்குக் காவலும் இல்லை, பலகையும் இல்லை.

லயத்துக்குக் கீழேயுள்ள குட்டையை அவர் அளந்து வந்திருந்தார். நீளம் 6 மீற்றர், அகலம் 4 மீற்றர், மிக ஆழமான இடம் 60 சென்றிமீற்றர். நீள்வட்டமாய், கிண்ணம்போல் சரிந்திருப்பதால் நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 5,700 லீற்றர் பிடிக்கும். இவ்வளவு சிறியதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அவர் சொன்ன பதில், சிறியதாக இருப்பதே அதன் பயன் என்பது. இப்படிப்பட்ட குட்டை கடும் வரட்சியில் வற்றிவிடும், அதனால் மீன் நிலைக்காது. மீன் இல்லாத நீரில்தான் தவளைக் குஞ்சுகள் அதிகம் பிழைக்கும்.

எல்லாத் தவளைக்கும் குட்டை வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நம் மலைகளின் புதர்த் தவளைகள் பல, ஈர மண்ணிலோ இலையிலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே முழு உருவம் பெற்று வெளிவரும். ஆனால் இலங்கைக்கே உரிய தருகா ஈக்வஸ் என்ற மலைநாட்டு மரத்தவளை அப்படியல்ல. அது பின்னங்கால்களால் நுரை கடைந்து, நீருக்கு மேல் சாய்ந்த இலையில் கூடாக ஒட்டும். சில நாட்களில் குஞ்சுகள் கூட்டிலிருந்து வழிந்து நீரில் விழும். கரைப்புல்லை ஒட்ட வெட்டினால் கூடு வைக்க இடமில்லை. நீர் உள்வாங்கினால் குஞ்சு மண்ணில் விழுந்து காய்ந்துவிடும்.

நம் குட்டையில் இரண்டு குறைகளை அவர் காட்டினார். ஒன்று, டெங்குக்குப் பயந்து யாரோ விட்ட கப்பி மீன். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் டெங்கு நுளம்பு டயர், சிரட்டை, பீப்பாய் போன்றவற்றில் தேங்கிய நீரையே நாடும். மண் குட்டையில் நுளம்புப் புழுவைத் தும்பிக் குஞ்சுகளும் நீர்ப்பூச்சிகளும் தின்னும். கப்பியோ தவளைக் குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடும்.

மற்றது கசிவு. அதைக் கண்டறிய ஒரு வாளியில் நீர் நிரப்பி, குட்டை ஓரத்தில் பாதி அமிழும்படி வைத்து, இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்திருந்தார். மழையில்லாத ஒரு நாளில் வாளியில் 4 மில்லிமீற்றர் இறங்கியது, அது ஆவியானது. குட்டையில் 12 இறங்கியது. மிச்சம் 8 மில்லிமீற்றர், அதாவது நாளுக்குச் சுமார் 150 லீற்றர், நிலத்துக்குள் போகிறது. முன்பு தூர்வாரியபோது ஆழம் வேண்டுமென்று அடிக்களியையும் தாண்டி வெட்டியதே காரணம்.

பெப்ரவரி கடைசியில், நீர் குறைந்த நேரத்தில், வாளியால் இறைத்துக் குட்டையை வற்றவைத்தோம். கப்பி குட்டி போடும் மீன். சினையுள்ள ஒன்று மிஞ்சினாலும் திரும்பப் பெருகும். எனவே வலையை நம்பாமல் சேறு வெடிக்கும்வரை காயவிட்டோம். பிறகு வெட்டுப்பட்ட இடத்தில் களியை நனைத்து, 15 சென்றிமீற்றர் கனத்துக்குக் காலால் மிதித்து இறுக்கினோம். ஏப்ரல் மழையில் குட்டை நிறைந்தபின் மீண்டும் வாளி வைத்துப் பார்த்தோம். வாளியில் 4, குட்டையில் 5. மே மாதம் கரைச்செடிகளில் நான்கு நுரைக்கூடுகளை அங்கத்தவர்கள் பார்த்தார்கள். அந்தப் பக்கம் புல் வெட்டுவதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தது நல்லதாயிற்று.

தேயிலை மலையிலிருந்து இறங்கும் கான் இன்னும் பிரச்சினைதான். அதன் வாயில் 1 மீற்றர் நீளம், 60 சென்றிமீற்றர் அகலம், அதே ஆழத்தில் ஒரு மண்குழி வெட்டியுள்ளோம். அந்தக் குழி கொள்ளும் மண் உள்ளே போனால் குட்டையின் அடி ஏறக்குறைய 2 சென்றிமீற்றர் உயரும். ஐப்பசி மழையில் குழியை ஒருமுறை அள்ளத் தவறியதால் மேற்குக் கரையில் வண்டல் படிந்துவிட்டது. பாதி நிறைந்ததும் அள்ள வேண்டும், அள்ளிய மண்ணைக் கானுக்கு மேலே கொட்டக்கூடாது. இதற்கு மாதம் இருவர் என்ற முறைப்பட்டியலைச் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்