சில்லறை ஆர்டரின் விலை எங்கே ஒளிந்திருக்கிறது?

ஆசிரியருக்கு,

பட்டறைகளின் விலை நிர்ணயம் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மாத மேற்செலவை இயந்திரம் ஓடிய மணிகளால் வகுத்து, கிடைக்கும் வீதத்தை எல்லா வேலைக்கும் போடச் சொல்கிறது. ஒரே உதிரிபாகத்தை மாதம் முழுவதும் கடையும் ஆலைக்கு அது போதும். சில்லறை ஆர்டர்களை நம்பியிருக்கும் ஜாப் ஒர்க் பட்டறையை அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

கோவையில் நான் கணக்குப் பார்க்கும் பட்டறை ஒன்றை ஒட்டி, எண்களைத் தோராயமாக்கிச் சொல்கிறேன். மாத மேற்செலவு 3 லட்சம் ரூபாய். இயந்திரங்கள் உலோகம் வெட்டிய நேரம் 1,000 மணி. ஆக, மணிக்கு 300 ரூபாய். 500 உருப்படி கொண்ட ஆர்டர் 50 மணி ஓடினால் அதன் தலையில் 15,000 ரூபாய் விழுகிறது. நான்கே உருப்படி கொண்ட ஆர்டர் ஒரு மணியில் முடிவதால் அதற்கு வெறும் 300 ரூபாய்.

அந்த 3 லட்சம் எதனால் உண்டானது என்று பிரித்துப் பார்த்தோம். மின்சாரம், தேய்மானம், பராமரிப்பு ஆகியவை 1.5 லட்சம், இவை ஓடும் நேரத்தைச் சார்ந்தவை, மணிக்கு 150 ரூபாய். ஒவ்வொரு ஆர்டருக்கும் இயந்திரத்தைத் தயார்செய்யும் செட்டிங் செலவு 90,000. மாதத்தில் 150 மணி செட்டிங் நடப்பதால் மணிக்கு 600. விலை கொடுப்பது, ட்ராயிங் பார்ப்பது, பில் போடுவது, அனுப்புவது எல்லாம் 60,000. ஆர்டர்கள் 120 என்பதால் ஒன்றுக்கு 500.

பெரிய ஆர்டருக்கு இரண்டு மணி செட்டிங். அதன் உண்மையான மேற்செலவு 7,500, 1,200, 500 சேர்ந்து 9,200 ரூபாய்தான். சிறியதற்கு ஒன்றரை மணி செட்டிங். 150, 900, 500 சேர்ந்து 1,550. பழைய கணக்கில் அதற்குப் போட்டது 300! பெரிய ஆர்டர்கள் விலை அதிகம் என்று கைநழுவுவதும், சில்லறை வேலைகள் பேரமே இல்லாமல் வந்து குவிவதும் இதனால்தான். பட்டறை ஓய்வின்றி ஓடும். மாதக் கடைசியில் கையில் காசு இருக்காது.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். செட்டிங் தொடங்கிய நேரத்தையும் முதல் உருப்படி சரியென்று தேறிய நேரத்தையும் செட்டர் ஜாப் கார்டில் எழுதினால் போதும். செலவை மூன்று நான்கு பிரிவுகளுக்கு மேல் உடைத்தால் ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் எழுதமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. சிறிய ஆர்டரை நிறுத்திவிட்டால் 1,550 ரூபாய் மிச்சமாகும் என்று எண்ணிவிடக் கூடாது. செட்டரின் சம்பளமும் வாடகையும் அப்படியேதான் இருக்கும். மிஞ்சிய நேரத்தை நிரப்ப வேறு வேலை வந்தால்தான் லாபம். எனவே ஆர்டரைத் திருப்பி அனுப்பாமல், உருப்படி விலையோடு செட்டிங் கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டச் சொன்னேன். அதைப் பார்த்த சில வாடிக்கையாளர்கள் மூன்று மாதத் தேவையை ஒரே ஆர்டராகத் தருகிறார்கள்.

இப்படிக்கு,
பட்டறைக் கணக்கர் ஒருவர்,
கோயம்புத்தூர்