ரப்பரின் சூட்டுக்கு உராய்வு காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், இழுத்த ரப்பர் பேண்ட் சூடாவதற்கு உள்ளே ஏற்படும் உராய்வுதான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் அது சரியல்ல. பட்டையைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே அரை நிமிடம் பிடித்து, சூடு ஆறியதும் சட்டென்று தளர்த்தி மறுபடி உதட்டில் வையுங்கள், குளிர்ந்திருக்கும். உராய்வு என்றால் இரண்டு முறையும் சூடுதானே வர வேண்டும்? ஆங்கிலேய அறிஞர் ஜான் கஃப் 1805-லேயே இதை உதட்டால் உணர்ந்து எழுதியிருக்கிறார். 1859-ல் இயற்பியலாளர் ஜூல் அதை அளந்து உறுதி செய்தார்.

ரப்பர் என்பது நீண்ட பாலிமர் சங்கிலிகளின் வலை. பத்தே கண்ணிகள் கொண்ட சங்கிலி ஒன்றை எண்ணிக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணியும் இடமாகவோ வலமாகவோ மட்டுமே திரும்பலாம். இரு முனைகளும் ஒரே இடத்தில் இருக்க 252 வழிகள் உண்டு. முனைகள் ஆறு கண்ணி தூரம் விலகியிருக்க 45 வழிகள்தான். முழுக்க நீட்டினால் ஒரே ஒரு வழி. இந்த வழிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அளவுதான் என்ட்ரோபி, இழுக்க இழுக்க அது குறைகிறது. பட்டையை இழுக்கும்போது அணுப் பிணைப்புகள் நீள்வதில்லை, அவற்றைச் சுற்றிச் சங்கிலி திரும்பிக்கொள்கிறது, அவ்வளவே. அதனால் நாம் செய்யும் வேலை உள்ளே ஆற்றலாகச் சேமிக்கப்படாமல், பெரும்பாலும் வெப்பமாகிவிடுகிறது. தளர்த்தும்போது சங்கிலிகள் சுருண்டு வேலை செய்கின்றன, அதற்கான ஆற்றலைத் தங்கள் வெப்பத்திலிருந்தே எடுப்பதால் பட்டை குளிர்கிறது.

சூடாக்கினால் சுருங்குவதும் இதனால்தான். சங்கிலியின் முனைகளை உள்ளே இழுப்பது அதன் ஓயாத வெப்ப அசைவு. எனவே இழுவிசை கெல்வின் வெப்பநிலைக்கு ஏற்பக் கூடும். 10 செ.மீ. பட்டை ஒன்று எடையைத் தாங்கி 20 செ.மீ. நீளத்தில் தொங்குகிறது என்று வையுங்கள். 27 டிகிரி செல்சியஸிலிருந்து 57 டிகிரிக்குச் சூடாக்கினால், அதாவது 300 கெல்வினிலிருந்து 330-க்குப் போனால், அதே நீளத்தில் இழுவிசை பத்து சதவீதம் கூடிவிடும். எடையோ மாறவில்லை. ஆகவே பட்டை சுருங்கி எடையை மேலே தூக்கும். எளிய வலைக் கோட்பாட்டின்படி சுருக்கம் சுமார் ஒன்றேகால் செ.மீ. சாதாரண வெப்ப விரிவு அதில் ஏறக்குறைய ஒரு மி.மீ.யைக் குறைத்துவிடும்.

அந்த விரிவை மறந்தால் சோதனை ஏமாற்றிவிடும். இழுப்பு ஏறக்குறைய பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விரிவே மிஞ்சி, எடை தொங்கும் பட்டை சூட்டில் நீளத்தான் செய்யும். அப்புறம், பட்டையை வேகமாகத் திரும்பத் திரும்ப இழுத்து விட்டால் உராய்வுச் சூடும் கொஞ்சம் சேரும். ஆனால் தளர்த்தும்போது வரும் குளிர்ச்சியை அதனால் விளக்க முடியாது. அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்