வங்கி ஏற்காத கிடங்கு ரசீது: நல்லமிளகு வியாபாரியின் புகார்

அனுப்புநர்:
நல்லமிளகு மொத்த வியாபாரி,
வடசேரி, நாகர்கோவில்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
கிடங்கு நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

பொருள்: பதிவில்லாத கிடங்கில் சரக்கை வைத்து, அடமானத்துக்கு உதவாத ரசீது கொடுத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கீரிப்பாறை, பாலமோர் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் வாங்கிய 80 மூட்டை நல்லமிளகை, மூட்டைக்கு 50 கிலோ வீதம், தங்கள் நாகர்கோவில் கிடங்கில் வைத்திருக்கிறேன். விலை ஏறும்வரை சரக்கை விற்காமல் வைத்து, அதன் பேரில் வங்கிக் கடன் எடுத்துத் தோட்டக்காரர்களின் பாக்கியை முடிப்பதுதான் திட்டம். வாடகை பேசும்போதே இதைத் தங்கள் கிளை மேலாளரிடம் சொன்னேன். "மின்னணு ரசீதே போட்டுத் தருகிறோம், வங்கியில் பிரச்சினையே வராது" என்றார்.

கையில் கொடுத்ததோ அச்சடித்த காகித ரசீது. சரக்கு விவரத்தில் "மசாலா, 80 மூட்டை" என்று எழுதியிருக்கிறது. எடை, தரம், ஈரப்பதம், சந்தை மதிப்பு, காப்பீட்டு நிறுவனம் ஆகிய கட்டங்கள் எல்லாம் காலி. கீழே சின்ன எழுத்தில் "கைமாற்றத்தக்கதல்ல" என்று ஒரு முத்திரை. வங்கி அதிகாரி அந்த முத்திரையைப் பார்த்ததுமே ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் செய்தது சரிதான். கைமாற்றத்தக்க ரசீதை வைத்திருப்பவருக்கே சரக்கின் மேல் உரிமை. அதனால்தான் வங்கி மூட்டையைப் பார்க்காமலே ரசீதை நம்பிப் பணம் கொடுக்கிறது. மின்னணு ரசீது என்றால், அந்த ரசீதுகளைக் கணினியில் பதிந்து வைக்கும் களஞ்சிய நிறுவனத்தில் உள்ள என் கணக்கிலிருந்து நான் அடமானக் கோரிக்கை போடுவேன். வங்கி தன் கணக்கில் அதை ஏற்றுக்கொள்ளும். அந்த நொடியே ரசீது பூட்டப்படும். வங்கி விடுவிக்கும்வரை தாங்களும் ஒரு மூட்டையைக்கூட எனக்குத் தர முடியாது. காகித ரசீதில் இந்தப் பூட்டு இல்லை. கடன் வாங்கிய பிறகு நான் சரக்கை எடுத்துப் போனாலும் வங்கிக்குத் தெரியாது. பிறகு எதை நம்பி அவர்கள் கடன் தருவார்கள்?

மின்னணு ரசீது ஏன் தரவில்லை என்று விசாரித்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. கிடங்குகள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2007-இன்படி, ஆணையத்திடம் பதிவு செய்த கிடங்கு மட்டுமே கைமாற்றத்தக்க ரசீது கொடுக்கலாம். பதிவு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடையாது, ஒவ்வொரு கிடங்குக்கும் தனித்தனி. தங்கள் வளாகத்தில் முன்னால் இருக்கும் கிடங்குக்குப் பதிவு உண்டு. அங்கே இடம் நிறைந்துவிட்டதால், என்னைக் கேட்காமலே என் மூட்டைகளைப் பின்னாலுள்ள பதிவில்லாத கிடங்கில் அடுக்கியிருக்கிறீர்கள். வரவேற்பறைச் சுவரில் தொங்குவதோ முன்கிடங்கின் பதிவுச் சான்றிதழ். அதைக் காட்டித்தான் மேலாளர் என்னிடம் வாடகை பேசினார். இது மறதியில் நடந்தது என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நஷ்டக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கிலோ 620 ரூபாய் வீதம் 4,000 கிலோவுக்கு மதிப்பு 24.80 லட்சம். என் வங்கி அதில் 70 சதவீதம், அதாவது 17.36 லட்சம் தரத் தயாராக இருந்தது. வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம். அது கிடைக்காததால் 17 லட்சத்தை வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு எடுத்தேன். மாதம் 34,000 ரூபாய் போகிறது. வங்கியில் அதே தொகைக்கு ஏறக்குறைய 14,170 ரூபாய்தான் ஆகியிருக்கும். மாதம் சுமார் 19,800 ரூபாய் அநியாயமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. சரக்கு உள்ளே வரும்போது மாதிரி எடுத்து ஈரப்பதம் பார்க்கவில்லை. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் ஏறினால் மிளகில் பூசணம் பிடிக்கும். அப்போது உள்ளே வந்த அன்றைய தரம் எங்கும் எழுதப்படாமல் இருந்தால், கெட்டது யார் பொறுப்பில் என்று எப்படிச் சொல்வது? தரச் சோதனை இல்லாத சரக்குக்கு வங்கியும் மதிப்புப் போடாது.

எனவே, 80 மூட்டைகளையும் தங்கள் செலவில் பதிவுள்ள கிடங்குக்கு மாற்றுங்கள். என் முன்னிலையில் எடைபோட்டு, மாதிரி எடுத்துத் தரச் சோதனை செய்து, எல்லா விவரமும் நிரப்பிய மின்னணு ரசீதை என் களஞ்சியக் கணக்கில் ஏற்றுங்கள். அதுவரையிலான வட்டி வித்தியாசத்தையும், பின்கிடங்கில் சரக்கு இருந்த காலத்துக்கு வாங்கிய வாடகையையும் திருப்பித் தர வேண்டும். சரக்கை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தால், வாடகைப் பாக்கி என்று சொல்லி மூட்டைகளைப் பிடித்து வைக்கக் கூடாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் கிடங்குகள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையத்திடம் ரசீது நகலுடன் புகார் செய்வேன். ரசீது, வாடகைச் செலுத்துச் சீட்டு, வங்கி திருப்பிய கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)