கேட்டு வாங்கிய மேலதிக வேலைக்கு உரிய கட்டணம்: கொழும்பு நிறுவனங்களின் நிதி முகாமையாளர்களுக்கும் திட்டப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

வெள்ளவத்தையில் சிறிய இணையத்தள வடிவமைப்பு நிறுவனமொன்றை நடத்தி வருபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். உங்களைப் போன்ற நிறுவனங்கள் தரும் வேலையிலேயே எங்கள் அலுவலகம் இயங்குகிறது என்பதால், நான் சொல்ல வருவது முறைப்பாடாக மட்டும் நின்றுவிடாமல் உங்கள் மேசையில் இன்றே மாற்றக்கூடிய ஒரு நடைமுறையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

விலைமனுவை ஏற்று, முற்பணம் தந்து, வேலை தொடங்கிய பின்னர், புதிய தேவைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. கட்டணம் பற்றி அப்போது யாரும் பேசுவதில்லை. வேலை முடிந்து மேலதிகக் கட்டணத்துக்கான பட்டியலை அனுப்பும்போது, நிதிப்பிரிவிலிருந்து ஒரே பதில்தான் வருகிறது: “இவை ஒப்பந்தத்தில் இல்லை, ஆகவே கொடுக்க முடியாது.” நான் உங்களிடம் பரிசீலிக்கக் கேட்பது இந்தப் பதிலைத்தான். அவை ஒப்பந்தத்தில் இல்லை என்பதால்தானே அவற்றுக்குத் தனியாகக் கட்டணம் கேட்கிறோம்? ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் கேட்கவே மாட்டோம். எங்கள் கோரிக்கைக்கு அடிப்படையான உண்மையையே அதை மறுப்பதற்கான காரணமாக நீங்கள் காட்டுகிறீர்கள்.

எங்களுக்கு நேர்ந்த ஒன்றை, நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்து, விபரமாகச் சொல்கிறேன். கொழும்பிலுள்ள ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் 15 பக்கங்கள் கொண்ட இணையத்தளம் ஒன்றை அமைத்துத் தர 450,000 ரூபாய்க்கு உடன்பட்டோம். 150 மணித்தியால வேலை, மணித்தியாலத்துக்கு 3,000 ரூபாய் என்ற கணக்கு விலைமனுவிலேயே எழுதப்பட்டிருந்தது. வடிவமைப்பில் இரண்டு சுற்றுத் திருத்தங்கள் அந்தக் கட்டணத்துக்குள் அடங்கும் என்றும் குறிப்பிட்டிருந்தோம். வேலை பாதியைத் தாண்டியபோது, எங்களுடன் தொடர்பாட நியமிக்கப்பட்டிருந்த சந்தைப்படுத்தல் அலுவலர் வட்ஸ்அப்பில் எழுதினார்: “சிங்களத்தையும் தமிழையும் அப்படியே சேர்த்துவிடுங்கள், சேர் கேட்கிறார். மொழிபெயர்ப்பை நாங்கள் தருகிறோம்.” சில வாரங்களில், பாடநெறிக் கட்டணத்தை வங்கி அட்டையால் செலுத்தும் வசதி கேட்கப்பட்டது. கடைசியில் முகப்புப் பக்கத்தின் வடிவமைப்பு மூன்றாவது தடவையும் நான்காவது தடவையும் மாற்றப்பட்டது.

மொழியைச் சேர்ப்பது கேட்பவருக்கு மேல் மூலையில் ஒரு பொத்தானாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் 30 புதிய பக்கங்கள் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பெட்டிக்குள் தமிழ்ச் சொல் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்குகிறது. மேற்பட்டியல் இரண்டாக உடைகிறது. சிங்கள எழுத்துரு சில கைபேசிகளில் வரிக்கு வரி ஒட்டிக்கொள்கிறது. மொழிபெயர்ப்பு வேர்ட் கோப்பாக வந்ததால் ஒவ்வொரு பந்தியையும் உரிய இடத்தில் வைத்து, மூன்று மொழிகளிலும் ஒத்துப் பார்த்து, மூன்று அளவுத் திரைகளில் சோதிக்க வேண்டியிருந்தது. இதற்கு மட்டும் 44 மணித்தியாலம் சென்றது. அட்டைக் கொடுப்பனவு வசதிக்கு 30, முகப்புத் திருத்தங்களுக்கு 16. மொத்தம் 90 மணித்தியாலம், 270,000 ரூபாய்: முதல் வேலையின் அறுபது சதவீதம்.

ஒவ்வொரு கோரிக்கை வந்தபோதும் நாங்கள் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பியிருந்தோம். அது நீண்ட கடிதமல்ல: “நீங்கள் கேட்டுள்ள சிங்கள, தமிழ்ப் பதிப்புகள் விலைமனுவில் இல்லை. மதிப்பீடு 44 மணித்தியாலம், 132,000 ரூபாய். கையளிப்புத் திகதி மூன்று வாரம் தள்ளிப்போகும். உறுதிப்படுத்தினால் தொடங்குவோம்.” இந்த மடலை வாசிக்கக்கூடிய என் துறை நண்பர்களுக்கும் சொல்கிறேன்: திகதி தள்ளிப்போவதைக் குறிப்பிடும் வசனத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், மேலதிகக் கட்டணம் கேட்கும் நாளில் தாமதக் குற்றச்சாட்டு எதிரே வந்து நிற்கும். அந்த மின்னஞ்சலுக்கு வந்த பதில், “சரி, தொடங்குங்கள், விலையைப் பிறகு பேசுவோம்” என்பது. “பிறகு” என்ற அந்தச் சொல்லை நிதிப்பிரிவு ஒருபோதும் கண்டதில்லை. அவர்களிடம் இருந்தது 450,000 ரூபாய்க்கான கொள்வனவுக் கட்டளை மட்டுமே.

இந்த இடத்தில் நிதிப்பிரிவுகளின் வாதத்தை நியாயமாகவே பார்க்க வேண்டும். ஒரு கீழ்நிலை அலுவலர் வட்ஸ்அப்பில் எழுதியதற்காக நிறுவனத்தின் பணத்தைக் கொடுக்க முடியாது என்கிறீர்கள். அது சரியான கட்டுப்பாடு. ஆனால் அந்த அலுவலரை எங்களோடு பேச நியமித்தது நிறுவனம்; அவர் சொன்னபடி செய்த வேலையை ஏற்றுக்கொண்டது நிறுவனம்; மும்மொழித் தளத்தைப் பணிப்பாளரே வைபவத்தில் தொடக்கிவைத்தார்; புதிய வசதி வழியாகப் பாடநெறிக் கட்டணமும் வந்துகொண்டிருந்தது. வெளியாளொருவர் நம்பும்படி ஒருவரை முன்னிறுத்திவிட்டு, பலனையும் எடுத்துக்கொண்ட பின்னர், அவருக்கு அதிகாரமில்லை என்று சொல்வது சட்டத்திலும் எளிதில் நிற்காது. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் இலத்திரனியல் வடிவில் இருப்பதை மட்டும் காரணம் காட்டி அவற்றின் சட்ட அங்கீகாரத்தை மறுக்க முடியாது என்பதை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் ஏற்கெனவே தீர்த்துவைத்திருக்கிறது.

எனினும், கோரிக்கை எப்போதும் வெல்லும் என்று நான் சொல்லவில்லை. எந்த மாற்றமும் பணிப்பாளரின் கையொப்பமிட்ட கடிதத்தால் மட்டுமே செல்லும் என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தால், வட்ஸ்அப் செய்தியின் வலு வெகுவாகக் குறைந்துவிடும். விலைமனுவில் பக்க எண்ணிக்கையோ மொழியோ இல்லாமல் “முழுமையான இணையத்தளம்” என்று மட்டும் எழுதியிருந்தால், எது மேலதிகம் என்பதையே நிறுவ முடியாது. செய்த வேலையில் உள்ள குறையைத் திருத்துவதும் மேலதிக வேலையாகாது. அதைப் பட்டியலில் சேர்ப்பவர் மற்ற வரிகளின் நம்பகத்தன்மையையும் கெடுத்துக்கொள்கிறார். ஒரு சொல்லும் எழுதாமல் செய்து கொடுத்துவிட்டுக் கடைசியில் கேட்பவரின் நிலையோ மிகவும் பலவீனமானது, ஏனெனில் அந்த மௌனத்தை இலவசமாகச் செய்யச் சம்மதித்ததாக மற்றவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

எங்கள் கோரிக்கையை மீதிக் கொடுப்பனவுக்கான பட்டியலோடு கலக்காமல் தனிப் பட்டியலாக அனுப்பினோம். கலந்திருந்தால், தகராறே இல்லாத மீதி 225,000 ரூபாயும் சேர்ந்து முடங்கியிருக்கும். ஒவ்வொரு வரியிலும் யார், எந்தத் திகதியில், எதன் மூலம் கேட்டார், விலைமனுவின் எந்த வாசகத்துக்கு அது வெளியே நிற்கிறது, எத்தனை மணித்தியாலம் என்பவற்றை எழுதி, செய்தியின் பிரதியை இணைத்தோம். வீதத்தைப் புதிதாக உருவாக்கவில்லை. நீங்களே ஏற்றுக்கொண்ட அதே 3,000 ரூபாய்தான்.

மீதிக் காசோலையோடு ஒரு பற்றுச்சீட்டு வந்தது. அதன் அடியில், இது “முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு” என்று அச்சிடப்பட்டிருந்தது. இந்த ஒரு வரியால் கொழும்பில் எத்தனை சிறு நிறுவனங்கள் தமது உரிமையை இழந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அதில் அப்படியே கையொப்பமிட்டால் மேலதிகக் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடக்கூடும். நாங்கள் அந்த வரியை வெட்டி, “மூல ஒப்பந்தத்தின் மீதிக்காக மட்டும், மேலதிக வேலைக்கான பட்டியல் நிலுவையில் உள்ளது” என்று எழுதி, அதையே மின்னஞ்சலிலும் அறிவித்த பின்னரே காசோலையைப் பெற்றுக்கொண்டோம்.

தளத்தை நிறுத்திவையுங்கள், பணம் தானாக வரும் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். அதை நாங்கள் செய்யவில்லை. கையளித்துவிட்ட, மாணவர்கள் பணம் செலுத்திக்கொண்டிருக்கும் தளத்தை முடக்குவது எங்களையே ஒப்பந்தத்தை மீறியவர்களாக்கி, நட்டஈட்டு வழக்குக்கு வழி திறந்துவிடும். இன்னும் கையளிக்காத வேலையைத் தொடராமல் இருப்பது வேறு விடயம்; அதை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துச் செய்யலாம்.

இறுதியில், மொழிப் பதிப்புகளுக்கும் அட்டைக் கொடுப்பனவுக்குமான 222,000 ரூபாய் முழுமையாகக் கிடைத்தது. முகப்புத் திருத்தங்களுக்கான 48,000 ரூபாயில் பாதிக்கு உடன்பட்டோம், ஏனெனில் கட்டணத்துக்குள் அடங்கிய இரண்டாவது திருத்தம் எங்கே முடிந்து மூன்றாவது எங்கே தொடங்கியது என்பதைப் பதிவுகள் தெளிவாகக் காட்டவில்லை. அந்தப் பணம் வந்தது அடுத்த நிதியாண்டில்.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் தாமதத்தால் பாதிக்கப்படுவது வேலை செய்தவரே. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 6 வருடமும், எழுத்தில் இல்லாததற்கு 3 வருடமும் உண்டு. ஆனால் செய்த வேலைக்கும் உழைப்புக்குமான கடனென்றால் 1 வருடம்தான். வாய்மொழியாகக் கேட்ட மேலதிக வேலை இந்த ஒரு வருடத்துக்குள் விழுந்துவிடும் அபாயம் உண்மையானது. “அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் பார்ப்போம்” என்று நீங்கள் நல்லெண்ணத்தோடு சொன்னாலும், அந்த வருடம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே பிறகு பேசுவோம் என்பவர், கடன் உண்டு என்பதை ஒரு வரியில் எழுதித் தருவதே நேர்மை. எழுதித் தர மறுத்தால், வேலை செய்தவர் வருடம் முடியும் முன் சட்டத்தரணியைச் சந்திக்க வேண்டும்.

இனி நீங்கள் வெளியிடும் கொள்வனவுக் கட்டளைகளில், மேலதிக வேலையை அங்கீகரிக்கக்கூடியவரின் பதவியையும் மின்னஞ்சல் முகவரியையும் குறிப்பிடுங்கள். மேலதிக வேலைக்கான விலையறிவிப்பு அந்த முகவரிக்கு வந்தால், ஐந்து வேலைநாட்களுக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ பதிலளியுங்கள். இல்லை என்ற பதிலும் எங்களுக்கு உதவியானதே, ஏனெனில் அந்த வேலையை நாங்கள் தொடங்க மாட்டோம். தகராறுள்ள வரியைத் தனியே வைத்து, மற்றதைத் தாமதமின்றிக் கொடுங்கள். பற்றுச்சீட்டின் அடியிலுள்ள அந்த அச்சு வரியை, இரு தரப்பும் பேசித் தீர்த்த கொடுப்பனவுகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இந்த ஏற்பாடுகளைக் கொண்ட மாதிரிப் பந்தியொன்றை மூன்று மொழிகளிலும் தயாரித்துத் தர எங்கள் அலுவலகம் ஆயத்தமாக உள்ளது. உங்கள் சட்டப் பிரிவு அதைத் திருத்தி ஏற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இணையத்தள வடிவமைப்பு நிறுவனமொன்றின் பொறுப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06